பழைய மைன்கிராஃப்ட் உலகம் புது வெர்ஷனில் திறக்கவில்லையா?

அப்டேட் ஆனதும் சேமித்த விளையாட்டு போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உலகம் பட்டியலிலேயே இல்லையா, பட்டியலில் இருந்தும் திறக்க மறுக்கிறதா, இல்லை திறந்த பிறகு கட்டியதில் பாதியைக் காணோமா? மூன்றுக்கும் காரணம் வேறு. முதல் வகையில் பெரும்பாலும் உலகம் வட்டில் அப்படியே இருக்கும், விளையாட்டு வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். மூன்றாவதுதான் வில்லங்கம். பார்த்துப் பார்த்துச் செய்யாவிட்டால் இருக்கிறதும் போய்விடும்.

இந்தக் கட்டுரை கணினியில் ஓடும் ஜாவா எடிஷனைப் பற்றியது. அதிலிருந்து போனில் ஓடும் பெட்ராக் எடிஷனுக்கு மாற்றுவதைக் கடைசியில் சொல்கிறேன். எடுத்துக்காட்டாகக் கீழக்கரையில் ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் உலகத்தை எடுத்துக்கொள்வோம். அவனுடைய அண்ணன் 2021-இல், 1.16.5 வெர்ஷனில், பழைய பாம்பன் ரயில் பாலத்தை மீட்டருக்கு ஒரு கட்டை என்ற கணக்கில் கட்டியிருந்தார். 1914-இல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆக 2000 கட்டைக்கு மேல் கடலுக்குக் குறுக்கே போகிறது, நடுவில் ஷெர்சர் தூக்குப் பாலமும் உண்டு. அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார், கணினி தம்பிக்கு வந்தது. தம்பி லாஞ்சரைத் திறந்து பச்சை பட்டனை அழுத்தினான், 1.21.4 இறங்கியது, உலகமும் திறந்தது. "காக்கா, பாலம் இருக்கு, லைட்டெல்லாம் போச்சு" என்று அண்ணனிடம் போனில் சொல்லியிருக்கிறான்.

எதையும் அழுத்துவதற்கு முன்

விளையாட்டை மூடுங்கள். அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்ற யோசனையை விடுங்கள், அதனால் எந்தப் பலனும் இல்லை. போனில் என்றால் அது ஆபத்தும்கூட: விளையாட்டின் சொந்தச் சேமிப்பில் இருக்கும் உலகங்கள் ஆப்போடு சேர்ந்தே அழிந்துவிடும்.

விண்டோஸில் `Win + R` அழுத்தி இதை அடியுங்கள்:

```
%appdata%\.minecraft\saves
```

உள்ளே ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். உங்களுடையதை அப்படியே இன்னொரு டிரைவுக்கோ பென் டிரைவுக்கோ நகல் எடுத்து, வெர்ஷன் எண்ணையும் சேர்த்துப் பெயர் வையுங்கள், `Pamban-1.16.5` என்பதுபோல. இனி இந்த நகலைத் தொடக்கூடாது. சோதனையெல்லாம் நகலின் நகலில்தான்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், இந்தப் பாதை ஒருவழிப் பாதை. பழைய உலகத்தைப் புது வெர்ஷனில் திறந்தால் விளையாட்டு அதைப் புது வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடும். அப்புறம் பழைய வெர்ஷனில் திறக்கப் பார்த்தால் `Downgrading a world is not supported` என்ற எச்சரிக்கை வரும். அதற்குக் கீழே `I know what I'm doing!` என்று ஒரு பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் சில சமயம் திறக்கும், திறந்த இடத்தில் தரை ஓட்டை ஓட்டையாக இருக்கும். மூல நகல் பத்திரமாக இல்லாமல் அந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள்.

பட்டியலில் காணவில்லை என்றால்

இதை வேகமாகப் பார்த்துவிடலாம். முதலில், திறந்திருப்பது எந்த எடிஷன்? 2022 ஜூன் முதல் கணினிக்கு ஜாவாவையும் பெட்ராக்கையும் ஒன்றாகவே விற்கிறார்கள், லாஞ்சரின் இடது பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். பெட்ராக்கைத் திறந்துவிட்டு ஜாவா உலகத்தைத் தேடினால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். இரண்டின் கோப்பு வடிவமும் வேறு, வைக்கும் இடமும் வேறு.

அடுத்தது ஃபோல்டருக்குள் ஃபோல்டர். ஜிப்பைப் பிரிக்கும்போது `saves\Pamban\Pamban\level.dat` என்று ஒரு படி உள்ளே போய்விடும். `level.dat` என்ற கோப்பு உலக ஃபோல்டரின் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் விளையாட்டு அதை உலகமாகவே மதிக்காது. ஒரு படி வெளியே இழுத்துப் போட்டால் சரி.

மூன்றாவது, மின்வெட்டு. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, யூபிஎஸ் இல்லாத கணினியில் சேமித்துக்கொண்டிருக்கும்போதே போனால் `level.dat` பாழாகலாம். பக்கத்திலேயே `level.dat_old` என்று முந்தைய சேமிப்பின் கோப்பு இருக்கும். பாழானதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, பழையதற்கு `level.dat` என்று பெயர் வையுங்கள். கட்டிய கட்டைகள் எல்லாம் `region` ஃபோல்டரில் தனியாக இருப்பதால், இதனால் பாலம் போகாது. நீங்கள் நின்ற இடமும் பையில் இருந்த பொருள்களும் கொஞ்சம் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான்.

முதன்மைத் திரையே வராமல் விளையாட்டு நின்றுவிடுகிறது என்றால் குற்றம் உலகத்தின் மேல் இல்லை. 1.17 முதல் ஓப்பன்ஜிஎல் 3.2 தேவை. மிகப் பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் 1.16.5 ஓடும், அதற்கு மேல் ஓடாது. அந்தக் கணினியில் பழைய வெர்ஷனிலேயே இருந்துவிடுவதுதான் தீர்வு.

பழையதைப் பழைய வெர்ஷனிலேயே திறந்து பார்ப்பது

எல்லோரும் தாண்டிப்போகும் படி இதுதான். உலகம் எந்த வெர்ஷனில் கடைசியாகச் சேமிக்கப்பட்டதோ அதே வெர்ஷனில் முதலில் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேயே இல்லாத பொருளைப் புது வெர்ஷனில் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

வெர்ஷன் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. `Singleplayer` பட்டியலில் உலகத்தின் பெயருக்குக் கீழே மூன்றாவது வரியில் `Version: 1.16.5` என்பதுபோல எழுதியிருக்கும்.

இனி லாஞ்சரில் ஜாவா எடிஷனைத் தேர்ந்து `Installations` பகுதிக்குப் போங்கள். அங்கே `Latest Release` என்று ஒரு வரி ஏற்கெனவே இருக்கும். பிரச்சினையின் வேரே அதுதான்: புது வெர்ஷன் வந்தால் அது உங்களைக் கேட்காமல் அதற்குத் தாவிவிடும். `New installation` அழுத்தி, `Version` பெட்டியில் 1.16.5-ஐத் தேர்ந்தெடுங்கள். `Game Directory` என்ற இடத்தில் `D:\mc-1165` போல ஒரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். இது ரொம்ப முக்கியம். இந்தத் தனி ஃபோல்டர் இல்லாவிட்டால் பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் ஒரே `saves`-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒரு நாள் கை தவறி புதுசில் திறந்துவிடுவீர்கள்.

ஒரு முறை அதை ஓட்டி மூடினால் `D:\mc-1165\saves` தானாக உருவாகும். நகலின் நகலை அதில் போட்டுவிட்டுத் திறங்கள்.

கீழக்கரைப் பையன் விஷயத்தில் உலகத்தை ஏற்கெனவே 1.21.4-இல் திறந்தாகிவிட்டது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. முதல் தடவை புது வெர்ஷனில் திறக்கும்போது எச்சரிக்கை வந்தது, அப்போது அவன் `Create Backup and Load` என்ற பட்டனை அழுத்தியிருந்தான். அப்படி அழுத்தினால் மாற்றுவதற்கு முந்தைய உலகம் `.minecraft\backups` ஃபோல்டரில் ஜிப்பாகச் சேரும். தேதியும் நேரமும் முன்னால் வந்து உலகத்தின் பெயர் பின்னால் வரும். இருக்கிற ஜிப்களில் மிகப் பழைய தேதி உள்ளதை எடுத்துப் பிரித்தோம். உங்களுக்கும் இதே நிலைமை என்றால் முதலில் அந்த ஃபோல்டரைப் பாருங்கள், பலருக்கு அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே தெரியாது.

விளக்குகள் எங்கே போயின?

அந்த ஜிப்பை வெறும் 1.16.5-இல் திறந்தபோதும் விளக்குகள் இல்லை. ஆக இது அப்டேட் செய்த வேலை இல்லை, மாடு செய்த வேலை. மாடு என்றால் mod, விளையாட்டில் இல்லாத பொருள்களைச் சேர்க்க வெளியார் எழுதும் கூடுதல் கோப்பு. அண்ணன் ஃபேப்ரிக் என்ற மாடு லோடர் போட்டு, அதன் மேல் ஓர் அலங்கார மாடைச் சேர்த்து, அதிலிருந்த தெருவிளக்குகளைப் பாலம் நெடுக நட்டிருந்தார். மாடு இல்லாமல் உலகத்தைத் திறந்தால் விளையாட்டுக்கு அந்தக் கட்டை என்னவென்றே தெரியாது, வெறும் காற்றாக ஆக்கிவிடும். அந்த நிலையில் சேமித்தால், திறந்த பகுதிகளில் இருந்த விளக்குகள் நிரந்தரமாகப் போகும். ஃபோர்ஜ் லோடர் என்றால், இத்தனை பொருள்களைக் காணவில்லை, தொடர்ந்தால் அவை நீங்கிவிடும் என்று பொதுவாக எச்சரிக்கும். ஃபேப்ரிக்கில் மாடு குறைந்தால் விளையாட்டு சத்தமே இல்லாமல் அதை அகற்றிவிடும் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்வது நல்லது.

அந்தச் சோதனை நகலைத் தூக்கிப்போட்டுவிட்டு ஜிப்பை மறுபடி பிரித்தோம். `.minecraft\mods` ஃபோல்டரில் அண்ணன் விட்டுப்போன மாடுகளின் ஜார் கோப்புகள் அப்படியே கிடந்தன. 1.16.5-க்கான ஃபேப்ரிக்கை நிறுவி, அந்த ஜார்களை `D:\mc-1165\mods`-க்கு நகல் எடுத்து, ஃபேப்ரிக் வரியின் `Game Directory`-யையும் அங்கேயே திருப்பித் திறந்தோம். மண்டபம் கரையிலிருந்து பாம்பன் கரை வரைக்கும் விளக்கு எரிந்தது. ஜார் கோப்புகள் கிடைக்காவிட்டால், பெயரை மட்டும் பார்த்துப் புதிதாக இறக்கக்கூடாது. அதே மாடின் 1.16.5-க்கான வெளியீடுதான் வேண்டும், பெரும்பாலும் ஜார் பெயரிலேயே அந்த எண் இருக்கும்.

இப்போது இரண்டு வழி. அந்த மாடுக்கு 1.21.4 வெளியீடு வந்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு மேலே போகலாம். ஆனால் கட்டையின் பெயரை இடையில் ஆசிரியர் மாற்றியிருந்தால் மறுபடியும் காணாமல் போகும். அந்த மாடு 1.16-ஓடு நின்றுபோயிருந்தது, அதனால் இரண்டாவது வழி: பழைய வெர்ஷனில் இருக்கும்போதே மாடு கட்டைகளை விளையாட்டின் சொந்தக் கட்டைகளாக மாற்றிவிடுவது.

விளக்கைப் பார்த்தபடி `F3` அழுத்தினால் திரையின் வலப்பக்கம் அந்தக் கட்டையின் உண்மையான பெயர் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு `/fill` கட்டளையால் மொத்தமாக மாற்றலாம். `decor:lamp` என்பது இங்கே மாதிரிப் பெயர், உங்கள் திரையில் வருவதை அடியுங்கள்:

```
/fill 100 70 40 199 79 69 minecraft:oak_fence replace decor:lamp_post
/fill 100 70 40 199 79 69 minecraft:lantern replace decor:lamp
```

ஆறு எண்களும் ஒரு செவ்வகப் பெட்டியின் இரண்டு எதிர் மூலைகள். ஒரு கட்டளையில் 32,768 கட்டைக்கு மேல் போக முடியாது. மேலே உள்ள பெட்டி நீளம் 100, உயரம் 10, அகலம் 30, மொத்தம் 30,000, அதனால் அடங்கும். பாலம் நெடுக நூறு நூறாக நகர்ந்து இதையே திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும். கூடவே நீங்களும் பறந்து போக வேண்டும், பக்கத்தில் ஆள் இல்லாத பகுதி ஏற்றப்பட்டிருக்காது, கட்டளை வேலை செய்யாது. முதலில் கம்பம், பிறகு விளக்கு. அடியில் தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் லாந்தர் உதிர்ந்துவிடும்.

இது முடிந்ததும் மாடுகளை எடுத்துவிட்டு வெறும் 1.16.5-இல் ஒரு நகலைத் திறந்து பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் உலகம் மேலே ஏறத் தயார்.

1.18 என்ற கோடு

இன்னும் ஏற்ற வேண்டாம், கடலை ஒரு முறை பாருங்கள்.

விளையாட்டு உலகத்தை 16-க்கு 16 கட்டை அகலமுள்ள சங்க்குகளாகப் பிரித்து வைக்கிறது. நீங்கள் கிட்டே போன சங்க் மட்டும்தான் உருவாகிச் சேமிக்கப்பட்டிருக்கும். போகாத இடம் இன்னும் பிறக்கவே இல்லை. 2021 நவம்பர் இறுதியில் வந்த 1.18, நிலத்தை உருவாக்கும் முறையையே மாற்றியது. உலகத்தின் அடி 0-இலிருந்து -64-க்கு இறங்கியது, உச்சி 256-இலிருந்து 320-க்கு ஏறியது. பழைய சங்க்குகளுக்கு அடியில் புது அடுக்கு தானாகச் சேரும், மேலே கட்டியதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இதுவரை போகாத இடங்கள் புது முறைப்படி பிறக்கும். அதே சீடு எண்ணாக இருந்தாலும் 1.16.5-இல் கடலாக வந்திருக்க வேண்டிய இடத்தில் மலை வரலாம். ஓரத்தை விளையாட்டு இழைத்துச் சேர்க்கிறது, செங்குத்தாக வெட்டினாற்போல் நிற்காது என்றாலும் கடல் கடலாக இருக்காது.

தம்பியின் 1.21.4 உலகத்தில் பாலத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம், காடடர்ந்த குன்று ஒன்று முளைத்திருந்தது. அண்ணன் பாலத்தின் ஓரமாகவே பறந்து கட்டியவர், தெற்கே தூரம் போகவே இல்லை.

அதனால், கடல் கடலாகவே வேண்டும் என்றால் பழைய வெர்ஷனிலேயே அந்தப் பகுதியைச் சுற்றிப் பறந்துவிடுங்கள். `Render Distance`-ஐக் கணினி தாங்கும் அளவுக்குக் கூட்டி, பாலத்துக்கு இரு பக்கமும் நிதானமாகப் போய் வாருங்கள், வேகமாகப் பறந்தால் சங்க்குகள் உருவாகாமல் விட்டுப்போகும். அதற்கு விலையாக உலகக் கோப்பு பெருத்துவிடும். குகையும் புதுத் தாதும் வேண்டும் என்பவர்கள் இதைச் செய்யக்கூடாது, அவர்களுக்குப் போகாத இடம்தான் நல்ல இடம்.

ஏற்றுவது

சுத்தம் செய்த உலகத்தை மறுபடி ஒரு நகல் எடுத்து, 1.21.4-க்கென்று தனி `Game Directory` உள்ள வரியின் `saves`-இல் போடுங்கள். `Latest Release` வேண்டாம், எண்ணைக் குறிப்பிட்டே வரியை உருவாக்குங்கள். 1.16.5-இலிருந்து 1.21.4-க்கு நேரே தாவலாம், மாடில்லாத உலகம் என்றால் இடையில் ஒவ்வொரு வெர்ஷனாக நிற்கத் தேவையில்லை.

உடனே உள்ளே போகாமல், உலகத்தைத் தேர்ந்து `Edit`, பிறகு `Optimize World` அழுத்துங்கள். சாதாரணமாக விளையாட்டு, நீங்கள் கிட்டே போகும் சங்க்கை மட்டும் அப்போதைக்கப்போது மாற்றும். இந்தப் பட்டன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கில், பறந்து பறந்து பெருக்கிய உலகத்துக்கு நல்ல நேரம் பிடிக்கும். கரண்டு போகும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள், மடிக்கணினி என்றால் பேட்டரியைப் பாருங்கள்.

திறக்கும்போது டேட்டாபேக் பிழை என்று சொல்லி `Safe Mode` கேட்டால், உலக ஃபோல்டருக்குள் `datapacks`-இல் இருப்பதை வெளியே எடுத்து வையுங்கள். 1.21-இல் டேட்டாபேக்கின் உள் ஃபோல்டர் பெயர்களே மாறின, பழையவை அப்படியே ஓடாது.

போனுக்குக் கொண்டுபோவது

தம்பிக்கு உண்மையில் வேண்டியது இதுதான், நண்பர்கள் எல்லோரும் போனில் பெட்ராக் ஆடுகிறவர்கள். ஜாவா ஃபோல்டரைப் போனில் நகல் போட்டால் ஒன்றும் நடக்காது. ஜாவா `region` ஃபோல்டரில் `.mca` கோப்புகளாக வைப்பதை, பெட்ராக் `db` ஃபோல்டரில் வேறொரு தரவுத்தள வடிவில் வைக்கிறது. நடுவில் மாற்றித் தர `Chunker` என்ற இலவசக் கருவி இருக்கிறது. `chunker.app` முகவரியில் உலகத்தின் ஜிப்பை ஏற்றி, பெட்ராக் வெர்ஷனைத் தேர்ந்தால் `.mcworld` கோப்பாகத் திருப்பித் தரும். ஹாட்ஸ்பாட்டில் பெரிய ஜிப்பை ஏற்றிக்கொண்டிருக்க முடியாதவர்கள் அதன் கணினிச் செயலியை இறக்கி, வீட்டுக் கணினியிலேயே மாற்றலாம். போன் வெர்ஷனைவிடப் புதிய பெட்ராக் எண்ணைத் தேர்ந்தால் போனில் திறக்காது, போனின் விளையாட்டுத் திரையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுத் தேருங்கள். கோப்பைப் போனுக்கு அனுப்பி, தொட்டால் மைன்கிராஃப்ட் அதைத் தானே உள்ளே எடுத்துக்கொள்ளும்.

கட்டைகள் வரும். ஆடுமாடு, கிராமவாசிகள் வர மாட்டார்கள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். தூக்குப் பாலம் ஓடவில்லை என்றால் கருவியைத் திட்ட வேண்டாம். ஜாவாவில் பிஸ்டனுக்கு நேரடியாக மின்சாரம் வராவிட்டாலும், அதற்கு மேல் கட்டைக்கு வந்தால் போதும், தூக்கும். பெட்ராக்கில் அந்தச் சலுகை கிடையாது. அண்ணன் செய்த ஷெர்சர் தூக்கு முழுக்க அதை நம்பித்தான் இருந்தது, பிஸ்டன் ஒவ்வொன்றுக்கும் ரெட்ஸ்டோன் கம்பியைத் தனித்தனியாக இழுத்துத் தம்பி திருத்திக்கொண்டிருக்கிறான். திருத்தி முடிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் உலகத்தின் பக்கத்திலுள்ள பென்சில் குறியைத் தொட்டு, கீழே இறங்கி `Export World` கொடுத்து அந்தக் கோப்பைக் கணினிக்கு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.